43 ஆண்டுகளுக்குப் பிறகு நேருக்கு நேர்: பெயர் வாயில் வராத அந்த முதல் நிமிடங்கள்

மேட்டுலயத்தான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மனத்தை விட்டு இறங்காத ஒரு சம்பவத்தைச் சொல்லி, உங்கள் அனுபவத்தைக் கேட்பதற்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். இதில் வரும் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

சென்ற மாதம் மகளின் திருமண அழைப்பிதழைக் கொடுப்பதற்காகப் பெஸ்தாரி ஜெயாவுக்குப் போயிருந்தேன். 2007-இல் பெயர் மாறிவிட்ட போதிலும், சுற்றுத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அந்த ஊர் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தைதான். காலை ஒன்பது மணியளவில் ஓர் ஒட்டுக்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது, பேரப்பிள்ளையின் கையைப் பிடித்தபடி ஓர் அம்மாள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். "நீ மேட்டு லயத்துத் தண்டல் மகன்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். உடனே சிரித்துக்கொண்டே, "நான் யாரு, சொல்லு பார்ப்போம்" என்றார்.

அவரை எனக்குத் தெரிந்தது. சிரிக்கும்போது இடது கன்னத்தில் மட்டும் விழும் குழி தெரிந்தது. சன்னல் ஓரம் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. அவருடைய அப்பா பால் ஸ்டோரில் வேலை செய்தார் என்பதும், மழைக்காலத்தில் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் வாழையிலையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு வருவார்கள் என்பதும் கூட நினைவுக்கு வந்தன. பெயர் மட்டும் வரவில்லை. அவர் காத்துக்கொண்டிருந்தார், பேரப்பிள்ளையும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. வாயில் முதலில் வந்த பெயரைச் சொன்னேன்: "ராஜம்."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு நின்றது. "ராஜம் எங்க அக்கா. அது செத்து முப்பது வருஷத்துக்கு மேல ஆவுது. நான் சரசு" என்றார். அக்காவும் தங்கையும் ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் படித்தவர்கள். பதற்றத்தில் பேச்சை மாற்ற வேண்டும் என்று, "வீட்டுக்காரர் என்ன செய்யறாரு?" என்று கேட்டுவிட்டேன். கணவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன என்றார். ஒரு நிமிடத்துக்குள் இரண்டு காயங்களைத் தொட்டுவிட்டேன். இன்னும் நான்கைந்து வார்த்தைகள் பேசிவிட்டு, அழைப்பிதழையும் மரியாதையாக வாங்கிக்கொண்டு, பேரப்பிள்ளைக்கு நேரமாகிறது என்று புறப்பட்டுவிட்டார். கைப்பேசி எண்ணைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நாங்கள் 1982-இல் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பை முடித்தவர்கள். வகுப்புப் படத்தில் 27 பேர் இருக்கிறோம். அவர்களில் நான்கு பேர் இப்போது இல்லை. இன்னும் இரண்டு மாதத்தில் ஊரிலேயே ஒரு மண்டபத்தில் சந்திக்க ஏற்பாடு செய்து வருகிறோம். வருவதாகச் சொன்னவர்கள் இதுவரை 19 பேர். வாசலில் நின்று வரவேற்கும் பொறுப்பு என்னுடையது. சாப்பாடும் பேச்சும் எப்படியோ நடந்துவிடும். அந்த முதல் இரண்டு மூன்று நிமிடங்களை, அதாவது பெயர் தெரியாமல் தவிப்பதையும் அடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல் தடுமாறுவதையும் எப்படிக் கடப்பது? ஏற்கனவே சந்திப்பு நடத்தியவர்கள் சொன்னால் நன்றியுடன் இருப்பேன்.

---

காப்பார்காரன் எழுதியது:

அண்ணே, நீங்கள் தேவைக்கு மேல் வருந்துகிறீர்கள் என்பது என் கருத்து. பள்ளித் தோழர்களின் முகம் மனிதனுக்கு மறப்பதே இல்லை. இதை வெளிநாட்டில் ஆராய்ந்து நிரூபித்திருக்கிறார்கள் என்று படித்திருக்கிறேன். முகம் மறக்கவில்லை என்றால் பெயரும் உள்ளேதான் இருக்கிறது. அவசரப்படாமல் கண்ணைப் பார்த்து, அ, ஆ என்று மனத்துக்குள் ஓட்டிக்கொண்டே போனால் தானாக வந்துவிடும்.

மேலும் "நான் யார், சொல்லு பார்ப்போம்" என்ற விளையாட்டுத்தான் இத்தகைய சந்திப்பின் முதல் இன்பம். மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் வகுப்பு கூடியபோது 16 பேரில் 14 பேரை நான் சரியாகச் சொன்னேன். மண்டபமே கைதட்டியது. அதை எடுத்துவிட்டால் சந்திப்பு ஏதோ கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் போல ஆகிவிடும்.

---

ரவாங் தம்பி எழுதியது:

நானும் இதே சிக்கலில் இருக்கிறேன், அண்ணே. என் வகுப்பில் 31 பேர். தோட்டம் விற்கப்பட்ட பிறகு எல்லாரும் ஆளுக்கொரு பக்கமாகப் போய்விட்டார்கள், இதுவரை ஒன்பது பேரைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. முகநூலில் பெயரைத் தட்டினால் அதே பெயரில் நூறு பேர் வருகிறார்கள். கோயில் திருவிழா நாளில் போய் நின்றால் பழைய ஆள்கள் கிடைப்பார்கள் என்று ஒருவர் சொன்னதால், தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதிக்குப் போனேன். அங்கே மட்டும் நான்கு பேர் கிடைத்தார்கள். நீங்கள் மீதி நான்கு பேரைத் தேட வேண்டுமென்றால் அப்படிச் செய்து பாருங்கள்.

---

மேட்டுலயத்தான் எழுதியது:

நன்றி, தம்பி. தேடுவது எங்களுக்குச் சிக்கலில்லை, கிடைத்தவர்கள் எதிரே வந்து நிற்கும் நேரம்தான் சிக்கல். ஆனால் தீமிதி யோசனை நல்ல யோசனை, குறித்துக்கொண்டேன்.

---

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

தோட்டப் பள்ளிகளில் 32 ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவன் நான். ஓய்வு பெற்ற பின் மூன்று பள்ளிகளின் முன்னாள் மாணவர் சந்திப்புகளில் வாசலில் நின்றிருக்கிறேன். ஆசிரியருக்கு இந்தச் சிக்கல் இன்னும் கடுமையாக இருக்கும். பிள்ளைகளுக்கு நினைவில் வைத்துக்கொள்ள முப்பது பேர் என்றால் எங்களுக்கு ஆயிரம் பேர். அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தும் வைத்திருக்கிறேன்.

முதலில் மேட்டுலயத்தானுக்கு: உங்களுக்கு நேர்ந்தது மறதி இல்லை. ஒருவரை அடையாளம் காணும்போது மனம் ஒரு வரிசையில் நடக்கிறது. இந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன் என்பது முதல் படி, இவர் யார் என்பது இரண்டாம் படி, பெயர் கடைசிப் படி. 1986-இல் புரூஸ், யங் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதை விளக்கமாக எழுதினார்கள். ஒருவரைப் பற்றி எல்லாம் தெரிந்து பெயர் மட்டும் தெரியாமல் நிற்பது அன்றாடம் நடப்பது. பெயர் தெரிந்து, ஆனால் அவர் யார் என்பது மட்டும் தெரியாமல் ஒரு முகத்தின் முன் நிற்பது அநேகமாக நடப்பதே இல்லை. சன்னல், பெஞ்சு, பால் ஸ்டோர், வாழையிலை எல்லாம் உங்களுக்கு வந்துவிட்டன. கடைசிப் படிதான் ஏறவில்லை.

அந்த இடத்தில் மனம் சும்மா இருப்பதில்லை. பக்கத்திலிருக்கும் பெயரைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறது. ஒரே வீடு, ஒரே பெஞ்சு என்பதால் சரசுவுக்கு மிக அருகில் இருந்த பெயர் ராஜம். தவறான பெயர் ஒன்று வாசலில் வந்து நின்றுவிட்டால் சரியான பெயர் உள்ளே வர வழி கிடைப்பதில்லை. இழுக்க இழுக்கத் தவறான பெயரே உறுதியாகிறது. ஆகவே காப்பார்காரர் சொல்வது போல அ, ஆ என்று ஓட்டுவது சிலருக்கு உதவலாம், ஆனால் எதிரே ஒருவர் காத்துக்கொண்டிருக்கும்போது அது நடக்காது. அந்த நிலையில் உண்மையாகவே உதவுவது பெயரின் முதல் ஒலி. 1966-இல் பிரவுன், மெக்நீல் என்ற இருவர் நாக்கு நுனியில் நிற்கும் சொற்களை ஆராய்ந்தபோது, சொல் வராத நேரத்திலும் அதன் முதல் எழுத்தும் எத்தனை அசை என்பதும் பலருக்குத் தெரிந்திருந்ததைக் கண்டார்கள். எனவே எதிரே நிற்பவர் "உன் வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தேனே, ஞாபகம் இல்லையா" என்று கதையை நீட்டினால், ஏற்கனவே ஏறிய படியையே மறுபடியும் காட்டுகிறார் என்று பொருள். "ச-வில் தொடங்கும்" என்ற ஒரு குறிப்பு அதைவிட அதிகம் உதவும்.

காப்பார்காரர் படித்தது பெரும்பாலும் 1975-இல் பாரிக் என்பவரும் அவருடன் இருவரும் வெளியிட்ட ஆய்வாக இருக்கும். 392 பேரைச் சோதித்தார்கள். பள்ளி முடித்து ஏறக்குறைய 35 ஆண்டுகள் ஆனவர்கள் கூட, அந்நியர்களின் படங்களுக்கு நடுவே தம் வகுப்புத் தோழர்களின் முகங்களைப் பத்துக்கு ஒன்பது என்ற அளவில் கண்டுகொண்டார்கள். இது உண்மை. ஆனால் அவர்களுக்குக் காட்டியது பள்ளி ஆண்டு மலரில் இருந்த பழைய படங்களை. உங்கள் முன் நிற்கப்போவது நரைத்து, வழுக்கை விழுந்து, கண்ணாடி போட்ட 55 வயது முகம். அதோடு, படத்தைப் பார்த்து யாருடைய உதவியும் இல்லாமல் பெயரைத் தாமே சொல்லச் சொன்னபோது அதே மக்கள் மிகவும் தடுமாறினார்கள். முகம் மறக்காது என்பதிலிருந்து பெயர் வந்துவிடும் என்பது கிடைக்காது.

இன்னொன்று, நம் தோட்டத்துக்கே உரியது. நம் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. வீட்டில் மணி, பிறப்புப் பத்திரத்தில் சுப்பிரமணியம். பத்திரத்தில் இருப்பதுதான் தன் பெயர் என்பதைப் பள்ளியில் சேரும் நாளில் முதன்முதலாகத் தெரிந்துகொண்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். தோட்டப் பள்ளியில் ஆறு ஆண்டுகளும் மணி என்றே அழைக்கப்பட்டவன், பட்டணத்துப் பள்ளியில் ரிமூவ் வகுப்புக்குப் போனதும், மலாய் ஆசிரியர்கள் பெயர்ப்பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்டதால் சுப்ரா ஆகிவிட்டான். ரிமூவ் வகுப்பில் சேர்ந்தவர்களுக்கு அவன் சுப்ரா, லயத்தில் வளர்ந்தவர்களுக்கு மணி. இப்போது உங்கள் வாட்ஸ்அப் குழுவில் அவன் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி ஏ/எல் போட்டுத் தந்தை பெயரோடு இருக்கும். அதைப் படித்துவிட்டு வருபவனுக்கு எதிரே நிற்பவன் மணி என்று எப்படித் தெரியும்? முதல் நிமிடத் தவிப்பில் பாதி இதனால்தான் ஏற்படுகிறது என்பது நான் பார்த்தது.

ஆகவே நான் செய்வது இதுதான். வாசலில் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. மேலே வீட்டுப் பெயர் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறையாத எழுத்தில், அதற்குக் கீழே பத்திரப் பெயர் சிறிதாக, கடைசி வரியில் லயமும் அப்பாவின் வேலையும். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிடாதீர்கள்; அது வயிற்றில் போய் நிற்கும், படிப்பவர் கண் முகத்தை விட்டுக் கீழே இறங்க வேண்டியிருக்கும். ஆண்களுக்குச் சட்டைப் பைக்கு மேலே, பெண்களுக்குச் சேலை முந்தானையைத் தோளில் குத்தும் இடத்துக்கு அருகில் குத்திவிடுங்கள். அட்டை இருந்தாலும், வாசலில் நிற்கும் நீங்கள் முதலில் உங்களைச் சொல்லுங்கள்: "நான் இன்னார், மேட்டு லயம், தண்டல் மகன்." நீங்கள் சொன்னால் எதிரே நிற்பவரும் அதே முறையில் தம்மைச் சொல்வார். கேட்க வேண்டிய தேவையே வராது.

---

காப்பார்காரன் எழுதியது:

ஐயா சொன்ன ஆய்வைப் பற்றி நான் அரைகுறையாகத்தான் தெரிந்து வைத்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அட்டையைப் படித்துப் பெயர் சொல்வதில், நாமாகக் கண்டுபிடித்த அந்த நொடியின் மகிழ்ச்சி இருக்காது என்றே இன்னும் நினைக்கிறேன். என்னை ஒருவன் 38 ஆண்டுகளுக்குப் பிறகு, தலையில் ஒரு முடி கூட இல்லாத நிலையில், நடையை வைத்தே கண்டுகொண்டு பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அதை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

---

ஆயாக்கொட்டகை எழுதியது:

காப்பார் தம்பிக்கு என் கதையைச் சொல்ல வேண்டும்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். அம்மா இறந்ததும் இரண்டு தம்பிகளையும் கைக்குழந்தைத் தங்கையையும் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால், காலையில் தங்கையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு அப்பாவோடு பால்மரம் வெட்டப் போனேன். அதனால் ஆறாம் வகுப்புப் படத்தில் நான் இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்கள் வகுப்புச் சந்திப்புக்கு ஒரு தோழி வற்புறுத்தி அழைத்துக்கொண்டு போனாள். போனதும் ஒருவர் என்னை நடுவில் நிறுத்தி, "இவங்க யாருன்னு கண்டுபிடிங்க" என்றார். ஒருவர் மாற்றி ஒருவராக அவர்கள் பெயர்கள் சொன்னார்கள். பார்வதி, லெட்சுமி, கண்ணம்மா, மறுபடியும் பார்வதி. ஒருவரும் என் பெயரைச் சொல்லவில்லை. மூன்று நான்கு நிமிடங்கள் இருக்கும். கடைசியில் தோழிதான் சொன்னாள். சொன்ன பிறகும் சிலருக்குத் தெரியவில்லை, ஆனால் தெரிந்தது போலத் தலையாட்டினார்கள்.

அந்த விளையாட்டு, தன்னை எல்லாருக்கும் நினைவிருக்கும் என்று உறுதியாக நம்புகிறவர்களுக்கு இனிக்கும். 16 பேரில் 14 பேரை நீங்கள் சரியாகச் சொன்னீர்கள், சரி. மீதி இரண்டு பேர் அன்று வீட்டுக்குப் போகும்போது என்ன நினைத்துக்கொண்டு போனார்கள் என்று யாராவது கேட்டீர்களா?

அடுத்த நிமிடத்தைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். அன்று என்னிடம் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி எத்தனை பிள்ளைகள் என்பது. நான் திருமணம் செய்துகொள்ளவில்லை. பதில் சொன்னதும் அவர்களுக்கு அடுத்து என்ன பேசுவது என்று தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஒருத்தி மட்டும், "இன்னமும் அந்தப் பலகைப் பாலத்தக் கண்டா பயமா?" என்று கேட்டாள். பள்ளிக்குப் போகும் வழியில் ஓடையின் மேல் இரண்டு பலகை போட்டிருப்பார்கள்; மழை பெய்தால் நான் அழுவேன், அவள்தான் கையைப் பிடித்து அழைத்துப் போவாள். அந்தக் கேள்வியிலிருந்து நாங்கள் ஒரு மணி நேரம் பேசினோம். தம்பிகளைப் படிக்க வைத்தது, தங்கை தாதியானது, தாமானில் வீடு வாங்கியது எல்லாவற்றையும் அவள் கேட்காமலே நானே சொன்னேன். பழையதிலிருந்து தொடங்கினால், இன்றைய வாழ்க்கையில் எவ்வளவைச் சொல்வது என்பது சொல்பவர் கையில் இருக்கிறது.

---

காப்பார்காரன் எழுதியது:

அக்கா, நான் கேட்கவில்லை. அந்த இரண்டு பேர் யார் என்பது எனக்கு இப்போது நன்றாக நினைவிருக்கிறது. அவர்களில் ஒருவருக்கு இன்று இரவு தொலைபேசியில் பேசுகிறேன்.

---

செம்மண் சாலை எழுதியது:

பெயரைப் பற்றி வாத்தியார் ஐயா விளக்கமாகச் சொல்லிவிட்டார். பெயருக்கு அடுத்த சொல்லைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அதுதான் எனக்கு எப்போதும் பெரிய இடறல்: நீ என்பதா, நீங்கள் என்பதா?

எங்கள் வகுப்பில் ஆண் பெண் வேறுபாடு பார்க்காமல் எல்லாரும் வாடா, போடி என்றுதான் பேசிக்கொண்டோம். சந்திப்பன்று என் மருமகன் காரில் கொண்டுவந்து விட்டார். அவர் பக்கத்தில் நிற்கும்போதே ஒரு தோழர் தூரத்திலிருந்து "வாடி" என்று கூப்பிட்டார். அவர் மனத்தில் ஒரு தவறும் இல்லை, அவருக்கு நான் இன்னும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை. ஆனாலும் எனக்கு வாயடைத்துப் போயிற்று. அதே நாளில், மதியச் சோற்றைத் தினமும் என்னோடு பங்கிட்டுச் சாப்பிட்ட ஒருவர் "வாங்கம்மா, நல்லா இருக்கீங்களா" என்று கைகூப்பினார். இது அதைவிட வலித்தது. யாரோ வேற்றாளைப் போல என்னைப் பார்க்கிறாரே என்று கண் கலங்கிவிட்டது.

இதற்கு நான் கண்ட வழி, முதல் இரண்டு மூன்று வாக்கியங்களை வினைச்சொல் இல்லாமல் பேசுவது. நம் மொழியில் மரியாதையும் உரிமையும் வினைமுற்றில்தான் ஏறி உட்கார்ந்திருக்கின்றன; அதை விட்டுவிட்டால் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. "அட, சரசு!", "எத்தனை வருஷம்!", "இப்ப எந்த ஊரு?", "அதே சிரிப்பு!" இவற்றில் எதிலும் நீயும் இல்லை, நீங்களும் இல்லை. அதற்குள் எதிரே இருப்பவர் ஒரு வாக்கியம் பேசிவிடுவார். அவர் எதைப் பிடிக்கிறாரோ அதை நீங்களும் பிடித்துக்கொள்ளலாம். கணவரோ மனைவியோ மருமக்களோ பக்கத்தில் நின்றால் மட்டும் நீங்கள் என்றே தொடங்குவது நல்லது. தனியாக உட்கார்ந்ததும் அது தானாக நீ என்று மாறிவிடும்.

பட்டப்பெயர்களைப் பற்றியும் யோசித்துக்கொள்ளுங்கள். அட்டையில் அச்சடிப்பதற்கு முன் ஒவ்வொருவரையும் கேட்டுவிடுங்கள்.

---

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

அம்மா சொன்ன வினைச்சொல் இல்லாத வாக்கியம் எனக்குத் தோன்றாத ஒன்று. இனி நானும் அதைப் பின்பற்றுவேன்.

ஆனால் "இப்ப எந்த ஊரு" என்பதில் எனக்குச் சிறு தயக்கம் உண்டு. தோட்டம் கைமாறியபோது சிலருக்கு மலிவு வீடு கிடைத்தது, சிலருக்குக் கையில் கொஞ்சம் பணம், சிலருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இன்னும் சிலர் இடிக்காமல் விட்ட லயத்திலேயே பல ஆண்டுகள் இருந்தார்கள். எந்த ஊர் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல விரும்பாதவர்கள் என் மாணவர்களில் இருக்கிறார்கள். அதே சமயம், எல்லாருமே கிளம்பி வந்தவர்கள் என்பதால் அதைவிடப் பொதுவான கேள்வி வேறு இல்லை என்று சொல்பவர்களும் உண்டு. இதில் எனக்கு இன்னும் தெளிவு இல்லை.

மேட்டுலயத்தானுக்கு இன்னொன்று. இறந்த நால்வரின் பெயர்களைச் சந்திப்புக்கு ஒரு வாரம் முன்பே குழுவில் போட்டுவிடுங்கள். கணவனையோ மனைவியையோ பிள்ளையையோ இழந்தவர்களிடம் தனியாகக் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் அதையும் முன்கூட்டியே தெரியப்படுத்துங்கள். அது வாசலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அல்ல.

---

ஆயாக்கொட்டகை எழுதியது:

எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை, ஐயா. இறந்தவர்கள் பெயரைப் போடுவது சரி. உயிரோடு இருப்பவர்களின் துக்கத்தைக் குழுவில் போட்டால், வருகிற ஒவ்வொருவரும் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு கையைப் பிடிப்பார்கள். அன்று ஒரு நாளாவது அதை மறந்திருக்கலாம் என்று வருபவர்களும் இருப்பார்கள்.

---

மேட்டுலயத்தான் எழுதியது:

சந்திப்பு நடந்து ஐந்து நாள்கள் ஆகின்றன. நடந்ததை எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

18 பேர் வந்தார்கள். அட்டைகளை வாத்தியார் ஐயா சொன்ன முறையில் செய்தோம். மூன்று மணிகள் இருந்தார்கள். மூவருக்கும் வீட்டுப் பெயர் ஒன்றுதான் என்பதால் கடைசி வரியில் இருந்த லயத்தின் பெயர்தான் கைகொடுத்தது. அவர்களில் கட்டை மணி என்று அழைக்கப்பட்டவர், அந்தப் பட்டப்பெயரையே பெரிய எழுத்தில் போட வேண்டும் என்று அவராகவே கேட்டுக்கொண்டார். வேறொருவர் தம் பட்டப்பெயரை யாரும் சொல்லக் கூடாது என்று முன்னதாகவே தெரிவித்துவிட்டார். அன்று முழுவதும் ஒருவரும் சொல்லவில்லை.

ஒரு தவறு செய்தோம். 1982-ஆம் ஆண்டுப் படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு தலைக்கும் ஓர் எண் போட்டு, கீழே பெயர் வரிசையோடு வாசலிலேயே வைத்துவிட்டோம். வந்தவர்கள் எல்லாரும் அங்கேயே நின்றுவிட்டார்கள். வாசல் அடைபட்டு, பின்னால் வந்தவர்களை யாரும் கவனிக்கவில்லை. அரை மணி நேரத்துக்குப் பிறகு படத்தை மண்டபத்தின் கடைசிச் சுவருக்கு மாற்றினோம். அதன் பிறகு அங்கே இரண்டு இரண்டு பேராக நின்று பேசுவதற்கு அது நல்ல இடமாகிவிட்டது.

எங்கள் பட்டியலில் இல்லாத ஒருவர் வந்தார். அவருக்கு அட்டை இல்லை. பத்து நிமிடம் எல்லாருடனும் கைகுலுக்கினார், எல்லாரும் தெரிந்தது போலப் பேசினார்கள். ஆயாக்கொட்டகை அக்கா எழுதியது நினைவுக்கு வந்ததால், நான் அவரிடம் போய் என்னைச் சொன்னேன்: பெயர், மேட்டு லயம், தண்டல் மகன். அவர், "எட்டாம் நம்பர் லயம். மூணாம் வகுப்புல நாய் கடிச்சு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்களே, அந்தப் பையன்" என்றார். சுற்றி நின்ற ஐந்து பேருக்கு ஒரே நேரத்தில் நினைவு வந்துவிட்டது. கடித்த நாயின் நிறத்தைக் கூடச் சொன்னார்கள். பெயர் மட்டும் ஒருவருக்கும் வரவில்லை. அவரே சொன்னார். மூன்றாம் வகுப்போடு அப்பா வேறு தோட்டத்துக்கு மாறிவிட்டதால்தான் படத்தில் அவர் இல்லை. வெற்று அட்டை ஒன்றை எடுத்து எழுதிக் குத்திவிட்டோம்.

துக்கச் செய்திகளை வெளியிடுவதில் ஐயா சொன்னதற்கும் அக்கா சொன்னதற்கும் நடுவே எங்களால் முடிவெடுக்க முடியவில்லை. இறந்த நால்வரின் பெயர்களை மட்டும் போட்டோம். அதனால் ஒரு தோழரிடம் மகனைப் பற்றி ஒருவர் கேட்டு, அவர் எழுந்து வெளியே போக நேர்ந்தது. முன்பே தெரிவித்திருந்தால் அவர் வந்தே இருக்க மாட்டார் என்று அவர் மனைவி பிறகு என்னிடம் சொன்னார். எது சரி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

சரசு வந்தார். தோழி ஒருவர் மூலம் எண்ணை வாங்கி, நானே பேசி அழைத்திருந்தேன். அட்டையை அவரிடம் கொடுத்தபோது, "அட, சரசு!" என்று மட்டும் சொன்னேன். அவர் அட்டையைப் படித்துப் பார்த்தார். சரசு, பத்திரப்படி சரஸ்வதி, பால் ஸ்டோர் என்று இருந்தது. மேசையில் இருந்த பேனாவை எடுத்து, கடைசி வரிக்குக் கீழே மிச்சமிருந்த இடத்தில், "ராஜத்தின் தங்கை" என்று தம் கையால் எழுதிக்கொண்டு உள்ளே போனார். அன்று மாலை வரை ஒவ்வொருவரும் அவரிடம் ராஜத்தைப் பற்றித்தான் பேசினார்கள்.

---

ரவாங் தம்பி எழுதியது:

அண்ணே, எட்டாம் நம்பர் லயத்துக்காரர் பிறகு எந்தத் தோட்டத்துக்கு மாறினார் என்று கேட்டுச் சொல்ல முடியுமா? எங்கள் தோட்டத்துக்கு நான்காம் வகுப்பில் ஒரு பையன் புதிதாக வந்து சேர்ந்தான். அவன் காலில் நாய் கடித்த தழும்பு இருந்தது.